அறுபதாம் கல்யாணம்: பாதி சாந்தி, பாதி கல்யாணம்

போன கார்த்திகையில் எங்கள் சித்தப்பாவுக்கு அறுபதாம் கல்யாணம் நடந்தது. திருநெல்வேலி டவுனில், வீட்டிலிருந்து நடக்கிற தூரத்தில் ஒரு சின்ன மண்டபம். மகன் மஸ்கட்டில், மகள் பெங்களூரில், அதனால் குருக்களைப் பார்ப்பது, சாமான் வாங்குவது, ஆற்றுத் தண்ணீர் எடுப்பது என்று அலைச்சல் எல்லாம் என் தலையில்தான். ஆரம்பத்தில் எனக்கும் ஒன்றும் தெரியாது. சித்தப்பா மகள் போனில் கேட்டாள், "அண்ணே, இது அப்பாவுக்குப் பிறந்தநாளா, இல்ல அப்பாவுக்கும் அம்மாவுக்கும் கல்யாணமா?" அந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்துவிட்டால் அன்றைக்கு நடக்கிற முக்கால்வாசி விஷயம் புரிந்துவிடும், அதனால் அங்கிருந்தே ஆரம்பிக்கிறேன்.

இதற்குச் சாஸ்திரப் பெயர் சஷ்டியப்த பூர்த்தி. சஷ்டி என்றால் 60, அப்தம் என்றால் வருஷம். நம் தமிழ் வருஷங்கள் பிரபவ தொடங்கி அட்சய வரைக்கும் 60 பெயர்கள், அது முடிந்ததும் திரும்பப் பிரபவ. ஒருவர் பிறந்த வருஷத்தின் பெயர் அவர் வாழ்க்கையில் மறுபடி வருவதற்குச் சரியாக 60 வருஷம் ஆகும். சித்தப்பா 1965 டிசம்பரில், விசுவாவசு வருஷம் பிறந்தவர். 2025 சித்திரையில் திரும்ப விசுவாவசு பிறந்தது. அந்தச் சுற்று முடிகிற இடத்தில் ஆயுளுக்கு ஒரு கண்டம் உண்டு என்று நம்பி, அதைத் தணிக்கச் செய்கிற சாந்திதான் இதன் முதல் பாதி. இந்தப் பாதி கணவருக்கானது. அந்தச் சாந்தி முடிந்து, கலசத் தண்ணீரில் குளித்து, புதுத்துணி கட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்த பிறகு மனைவிக்கு மறுபடி தாலி கட்டுவது இரண்டாவது பாதி. இந்த இரண்டாவது பாதி வழக்கத்தில் வந்து சேர்ந்தது, முதல் பாதிதான் சாந்தி விதிகளில் இருப்பது என்று எங்கள் குருக்கள் சொன்னார். ஆனால் ஊர் பெயர் வைத்திருப்பது இரண்டாவது பாதியை வைத்து! பத்திரிகையில் மணிவிழா என்று போடுவோம், பேச்சில் அறுபதாம் கல்யாணம், குருக்கள் வாயில் சஷ்டியப்த பூர்த்தி, எல்லாம் ஒன்றுதான்.

நாள் குறிப்பதில்தான் முதல் குழப்பம் வரும். இங்கிலீஷ் தேதியை மறந்துவிடுங்கள். பிறந்த தமிழ் மாதத்தில் பிறந்த நட்சத்திரம் எந்த நாளில் வருகிறதோ அதுதான் நாள். சித்தப்பாவுக்கு மூன்று பிறந்தநாள் உண்டு, எங்கள் பக்கம் அந்த வயசுக்காரர்கள் பல பேருக்கு அப்படித்தான். பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது வாத்தியார் போட்டுவிட்ட தேதி ஒன்று சர்டிபிகேட்டில் இருக்கும், அது எதற்கும் ஆகாது. நிஜமாகப் பிறந்தது டிசம்பர் 8. ஜாதகப்படி கார்த்திகை மாதம் ரோகிணி. 2025 கார்த்திகையில் ரோகிணி விழுந்தது டிசம்பர் 5, வெள்ளிக்கிழமை, திருக்கார்த்திகை கழிந்து இரண்டாம் நாள். முந்தின நாள் வியாழன் பிற்பகலிலேயே ரோகிணி வந்துவிட்டது, ஆனால் சூரியன் உதிக்கும்போது ரோகிணி இருந்தது வெள்ளியன்றுதான், அதனால் அதையே எடுத்தார்கள். ஒரே மாதத்தில் நட்சத்திரம் இரண்டு தடவை வந்தால் பெரும்பாலும் இரண்டாவதை எடுப்பது வழக்கம், ஆனால் இதை நாமே முடிவு பண்ணாமல் நடத்தி வைக்கிறவரிடம் கேட்டுக்கொள்வது நல்லது. மார்கழியிலோ ஆடியிலோ பிறந்தவர்கள் "கல்யாணம் ஆகாத மாசமாச்சே" என்று தயங்குவார்கள். பிறந்த மாதமும் நட்சத்திரமும்தான் இதற்குக் கணக்கு, அதனால் அந்த மாதங்களிலும் செய்கிறார்கள்.

இன்னொரு குழப்பம் 59-ஆ 60-ஆ என்பது. பக்கத்து வீட்டு அண்ணாச்சி ஒருவர் ஒரு வருஷம் முன்னாலேயே வந்து, "அறுபது பொறந்தாச்சே, இன்னும் செய்யலியா?" என்று சித்தியைக் கலங்கடித்துவிட்டுப் போனார். 59 முடிந்து 60 தொடங்கும்போது செய்வது உக்ரரத சாந்தி, அது வேறு. 60 முடிந்து 61 தொடங்குகிற நாளில் செய்வதுதான் சஷ்டியப்த பூர்த்தி. வருஷப் பெயர் ஒத்துவருகிறதா என்று பார்த்தால் போதும், தப்பு வராது. 2024 கார்த்திகை குரோதி வருஷம், சித்தப்பா பிறந்தது விசுவாவசு, ஆக அந்த வருஷம் இல்லை. அவ்வளவுதான் கணக்கு.

சரி, யார் நடத்தி வைப்பது? இது வீட்டுக்கு வீடு மாறும். பிராமண வீடுகளில் அவர்கள் குடும்ப வாத்தியார், சாஸ்திரிகள். எங்களைப் போன்ற சைவ வீடுகளில் சிவன் கோயில் குருக்களை அழைப்போம், அவரோடு உதவிக்கு இரண்டு பேர் வருவார்கள், திருமுறை பாட ஓதுவார் ஒருவர். சில வீடுகளில் ஓதுவாரை மட்டும் வைத்துத் தேவாரம் பாடி, தமிழிலேயே முடித்துக்கொள்கிறார்கள். ஐயரே வேண்டாம் என்று ஊர்ப் பெரியவர் தலைமையில் மாலை மாற்றி, வாழ்த்திப் பேசி, சாப்பாடு போட்டு அனுப்புகிற மணிவிழாக்களும் நிறைய உண்டு. திருக்கடையூருக்கே போய்விடுகிறவர்களும் இருக்கிறார்கள், மார்க்கண்டேயனுக்காக எமனை உதைத்த அமிர்தகடேஸ்வரர் கோயில், ஆயுள் சாந்திக்கென்றே பெயர் பெற்ற ஊர். அங்கே போனால் சாமான், கலசம் எதற்கும் நாம் அலைய வேண்டாம், ஆனால் நெல்லையிலிருந்து ஒரு ராத்திரிப் பயணம், வயசாளிகளைக் கூட்டிக்கொண்டு போக முடியாது. எங்கள் ஆச்சிக்கு, அதாவது சித்தப்பாவின் அம்மாவுக்கு, 84 வயசு. அதனால் டவுனிலேயே வைத்துக்கொண்டோம்.

நடத்தி வைப்பவர் குருக்கள் என்றாலும் செய்பவர் அவர் இல்லை, இதைப் பலர் கவனிப்பதில்லை. செலவு பிள்ளைகளுடையது, அழைப்பிதழில் பெயர் பிள்ளைகளுடையது, ஆனால் இதை இன்ன நாளில் செய்கிறேன் என்று வாயால் சொல்லிச் சங்கல்பம் செய்துகொள்ள வேண்டியவர் 60 முடிந்த அந்த மனிதர்தான். சித்தி அவருக்கு வலது பக்கம் உட்கார்ந்து தர்ப்பையால் அவர் தோளைத் தொட்டுக்கொண்டிருப்பார், அப்படித் தொட்டுக்கொண்டிருந்தால் அவர் செய்வது இரண்டு பேரும் செய்த கணக்கு. குருக்கள் சொல்லச் சொல்லச் சித்தப்பா திருப்பிச் சொன்னார். வருஷம், அயனம், ருது, மாதம், பட்சம், திதி, கிழமை, நட்சத்திரம் என்று வரிசையாக வரும். விசுவாவசு, தட்சிணாயனம், சரத் ருது, விருச்சிக மாதம், கிருஷ்ண பட்சம் பிரதமை, வெள்ளிக்கிழமை, ரோகிணி. "விசுவாவசு" என்று சொன்ன இடத்தில் குருக்கள் ஒரு நொடி நிறுத்தி, "நீங்க பொறந்தன்னைக்குச் சொன்ன பேரு, இப்பத்தான் மறுபடி வருது" என்றார். சித்தப்பா கண் கலங்கிப் பார்த்தது எனக்குத் தெரிந்து அதுதான் முதல் தடவை. புகை என்று சொல்லிச் சமாளித்துவிட்டார், ஆனால் அப்போது ஹோமமே ஆரம்பிக்கவில்லை.

அதற்கு முன்னாலேயே விடிகாலை ஐந்தரைக்குப் பிள்ளையார் பூஜையும், இடத்தையும் ஆட்களையும் சுத்தி பண்ணுகிற புண்ணியாகவாசனமும் முடிந்திருந்தன. சங்கல்பத்துக்குப் பிறகு கலசங்கள். இதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன், முழுச் சடங்கும் இந்தச் செம்புகளைச் சுற்றித்தான்.

தரையில் வாழை இலை, அதன் மேல் நெல், அதன் மேல் பச்சரிசி பரப்பி, நூல் சுற்றிய செம்புகளை வரிசையாக வைப்பார்கள். எத்தனை கலசம் என்பது வசதியைப் பொறுத்தது. 16 வைக்கலாம், 32 வைக்கலாம், 64-ம் வைக்கிறார்கள். நாங்கள் 16 சிறியவையும் நடுவில் பெரிதாக ஒன்றும் வைத்தோம். ஒவ்வொன்றிலும் தண்ணீர், ஏலக்காய், பச்சைக் கற்பூரம், ஒரு நாணயம், வாயில் மாவிலை, மேலே மஞ்சள் பூசிய தேங்காய், தர்ப்பையில் முடிந்த கூர்ச்சம். நடுக்கலசத்தில் எமனை வென்ற மிருத்யுஞ்சயரை மந்திரம் சொல்லி அழைத்து ஆவாகனம் பண்ணுவார்கள். சுற்றிலும் இருப்பவற்றில் மார்க்கண்டேயர், அப்புறம் சாகாவரம் பெற்ற ஏழு சிரஞ்சீவிகள்: அசுவத்தாமன், மகாபலி, வியாசர், அனுமன், விபீஷணன், கிருபர், பரசுராமர். மீதியில் வருஷத்துக்கும் மாதத்துக்கும் நட்சத்திரத்துக்கும் உரிய தேவதைகள், நவக்கிரகங்கள் என்று போகும். யார் எந்தச் செம்பில் என்பது குருக்கள் பின்பற்றுகிற பத்ததி நூலுக்கு நூல் கொஞ்சம் மாறும், நடுவில் மிருத்யுஞ்சயர் என்பது பெரும்பாலும் மாறாது. ஆயுளுக்குக் கணக்கு வைத்திருக்கிற எல்லாரையும் ஒரே அறையில் உட்கார வைத்த மாதிரி என்று நினைத்துக்கொண்டேன்.

தண்ணீர் தாமிரபரணியிலிருந்து வர வேண்டும் என்பது ஆச்சியின் உத்தரவு. விடிவதற்கு முன்னால் நானும் இன்னொருவனும் பைக்கில் இரண்டு குடத்தோடு குறுக்குத்துறைக்குப் போனோம். கார்த்திகை மழையில் ஆறு காப்பி நிறத்தில் ஓடிக்கொண்டிருந்தது. எடுத்து வந்த தண்ணீரைப் பார்த்துவிட்டுக் குருக்கள் சிரித்தார். முந்தின நாள் சாயங்காலமே எடுத்து வைத்துத் தெளிய விட்டிருக்க வேண்டுமாம். கடைசியில் வேட்டித் துணியை நாலாக மடித்து வடிகட்டி, ஒவ்வொரு செம்பிலும் ஒரு கை ஆற்றுத் தண்ணீர், மீதி குழாய்த் தண்ணீர் என்று ஒப்பேற்றினோம். ஐப்பசி கார்த்திகையில் நெல்லையில் விசேஷம் வைப்பவர்கள் இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

கலசங்களைத் தொட்டு ஜபம் முடிந்ததும் ஹோமம். கணபதி, நவக்கிரகம், ஆயுள், மிருத்யுஞ்சயம். நவக்கிரகத்துக்கு ஒவ்வொரு கிரகத்துக்கும் தீயில் போடுகிற குச்சியான சமித்து ஒன்று, சூரியனுக்கு எருக்கு, குருவுக்கு அரசு, சனிக்கு வன்னி என்று போகும். மிருத்யுஞ்சயத்துக்குச் சீந்தில் கொடியும் அறுகம்புல்லும். சாமான் கடையில் சமித்துக் கட்டு ஒன்றாகவே கிடைக்கிறது, சீந்திலை மட்டும் தனியாகச் சொல்லி வைக்க வேண்டியிருந்தது. ஹோமத்தின் கடைசி ஆகுதியான பூர்ணாகுதி முடியும்போது மணி எட்டரை.

இங்கேதான் எங்களுக்கு ஒரு சறுக்கல். சித்தப்பாவுக்குச் சர்க்கரை உண்டு. விசேஷம் முடிகிற வரை பச்சைத் தண்ணி பல்லில் படக்கூடாது என்று யாரோ சொல்ல, மனுஷன் மாத்திரையை மட்டும் போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்துவிட்டார். பூர்ணாகுதிக்கு எழுந்தபோது வேர்த்துக் கொட்டி, கை நடுங்கியது. குருக்கள்தான் முதலில் கவனித்தார். "பாலும் பழமும் சாப்பிட்டுட்டு உக்காருங்க, சாந்தி பண்றதே நீங்க நல்லா இருக்கத்தானே" என்று சத்தம் போட்டார். இரண்டு வாழைப்பழம் உள்ளே போன பிறகுதான் முகம் தெளிந்தது. மாத்திரை சாப்பிடுகிறவர்கள் முந்தின நாளே டாக்டரிடமும் குருக்களிடமும் பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது அபிஷேகம். மண்டபத்துக்குப் பின்னால் திறந்த இடத்தில் மணை போட்டு இரண்டு பேரையும் உட்கார வைத்து, தலைக்கு மேல் சல்லடை பிடித்து, அதன் வழியாகக் கலசத் தண்ணீரை ஊற்றுவார்கள். முதலில் குருக்கள், பிறகு ஆச்சி, பிறகு மூத்தவர்கள், பிள்ளைகள், பேரப்பிள்ளைகள். இந்த முழுக்குத்தான் சாந்தியின் முடிவு. ஆவாகனம் பண்ணியதெல்லாம் தண்ணீர் வழியாக உடம்பில் இறங்குகிறது என்பது கருத்து. டிசம்பர் காலையில் 17 செம்புத் தண்ணீர் என்றால் சும்மா இல்லை. சித்திக்குப் பல் கிடுகிடுவென்று அடித்தது. பட்டுச்சேலையோடு உட்காரக் கூடாது, பருத்திதான் சௌகரியம். தரை வழுக்கும், ஆகவே எழும்போது இரண்டு பக்கமும் ஆள் வேண்டும். நனைந்த துணியைக் கட்டிக்கொண்டு வீட்டுக்குப் போகக் கூடாது, அதை அங்கேயே தானமாகக் கொடுத்துவிடுவார்கள்.

இனி கல்யாணம். ஒன்பதரைக்கு இரண்டு பேரும் மேடைக்கு வந்தார்கள். வெள்ளிக்கிழமை ராகுகாலம் பத்தரைக்கு, அதற்குள் தாலி கட்டியாக வேண்டும்.

கூறைச்சேலை, வேட்டி, மாலை, தாலி எல்லாம் மனைவியின் பிறந்த வீட்டிலிருந்து வருவது எங்கள் பக்கத்து முறை. சித்தப்பா மகன் ஆசையாக ஏற்கெனவே மஸ்கட்டிலேயே தங்கத்தில் தாலி வாங்கி வந்துவிட்டான். சித்தியின் அண்ணனுக்கு முகம் சுருங்கிவிட்டது. "மாப்ள, தாலியும் சேலையும் பொறந்த வீட்டு மொறைல்லா, அத நாங்கதான எடுக்கணும்?" என்று ஒரு வாரம் முன்னால் ஆரம்பித்தவரைச் சமாதானப்படுத்தக் குருக்களாலும் முடியவில்லை. ஆச்சிதான் தீர்த்து வைத்தாள். கழுத்தில் ஏறுவது மாமா வாங்கிய பொட்டுத்தாலி, மகன் வாங்கியது சங்கிலியில் கோக்கும் பக்கத்துத் துண்டு. யார் எதை எடுப்பது என்று பத்திரிகை அடிப்பதற்கு முன்னாலேயே இரண்டு வீட்டிலும் கேட்டுவிடுவது உத்தமம்.

மறுபடி தாலி கட்டுவதால் பழைய கல்யாணம் கலைந்து புதிதாக ஆகிறது என்று யாரும் நினைக்க வேண்டாம். 1993-ல் கட்டிய தாலி சித்தியின் கழுத்திலேயே இருந்தது, கழற்றவில்லை, அதோடு சேர்த்து மஞ்சள் கயிற்றில் இன்னொன்று. அதனால்தான் கல்யாணத்தில் நடந்ததெல்லாம் இதில் திரும்ப நடக்காது. கன்னிகாதானம் கிடையாது, ஒரு தடவை கொடுத்த பெண்ணை யார் திரும்பக் கொடுப்பது? ஏழடி நடப்பது, அம்மி மிதிப்பது எங்கள் வீட்டில் இல்லை, சில வீடுகளில் ஆசைக்குச் செய்கிறார்கள். மாலை மாற்றுவது உண்டு, அதில் பேரப்பிள்ளைகள் பண்ணிய கலாட்டாவில் ஒரு மாலை அறுந்தது. தாலி கட்டும்போது சொல்வது அதே "மாங்கல்யம் தந்துனானேன" சுலோகம்தான். என் உயிர் வாழ்வுக்குக் காரணமான இந்தக் கயிற்றை உன் கழுத்தில் கட்டுகிறேன், நூறாண்டு வாழ் என்று பொருள். அதை 27 வயசில் கேட்பதும் 60-ல், ஆயுள் சாந்தி முடித்து ஈரத்தலையோடு கேட்பதும் வேறு வேறு என்று எனக்குத் தோன்றியது. முதல் முடிச்சு சித்தப்பா போட்டார், மீதி இரண்டும் அவர் தங்கை, எங்கள் அத்தை. 32 வருஷம் முன்னால் போட்டதும் அதே அத்தைதான், இந்தத் தடவை கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு போட வேண்டியிருந்தது.

மனைவி இல்லாதவருக்கு ஆயுள் ஹோமமும் அபிஷேகமும் மட்டும் நடக்கும், தாலிப் பகுதி இருக்காது. மனைவிக்கு 60 ஆகும்போது இப்படி ஒன்று வழக்கத்தில் இல்லை, கணக்கு எப்போதும் கணவர் வயசை வைத்துத்தான். சித்தி இதைப் பற்றி ஒரு கேள்வி கேட்டாள், யாரும் பதில் சொல்லவில்லை.

பிறகு பிள்ளைகள் அப்பா அம்மா காலைக் கழுவிப் பூப்போட்டு விழுந்து கும்பிட, பெரியவர்கள் அட்சதை போட்டார்கள். ஆச்சி முன்னால் வரத் தயங்கினாள். தாத்தா போய்ப் பல வருஷம் ஆகிறது, சுமங்கலிகள்தான் முதலில் போட வேண்டும் என்று ஒரு பெரியம்மை முணுமுணுத்தாள். குருக்கள் அட்சதைத் தட்டை நேராக ஆச்சி கையில் கொடுத்து, "பெத்தவ போட்டாத்தான் மத்தவங்க போடணும்" என்று முடித்துவிட்டார். நான் அவருக்குத் தட்சணையில் கொஞ்சம் கூடவே வைத்தேன். தானங்கள் என்று பத்துப் பொருள் சொல்வார்கள், பசு, நிலம், எள், பொன், நெய், துணி, தானியம், வெல்லம், வெள்ளி, உப்பு. பசுவுக்கும் நிலத்துக்கும் பதிலாகப் பணம் வைத்தோம், மீதியைச் சின்னச் சின்னதாகக் கொடுத்தோம்.

சாப்பாட்டில் சொதி வேண்டும் என்று சித்தப்பா பிடிவாதம். சொதி மறுவீட்டுச் சாப்பாடு, அறுபதாம் கல்யாணத்துக்கு ஏது மறுவீடு என்று சமையல்காரர் சிரித்தார். "மாமனார் வீட்டுல போட்டதுக்கு அப்புறம் எனக்கு யாரும் மொறையா போடலய்யா" என்றார் இவர். ஆக, தேங்காய்ப்பாலில் சொதியும் இஞ்சிப் பச்சடியும் இலையில் விழுந்தன, மாமா கோபம் மறந்து தானே வாளியைத் தூக்கிக்கொண்டு பரிமாறினார்.

மஞ்சள் கயிற்றில் இருந்த பொட்டைச் சங்கிலியில் கோப்பதற்கு வேறொரு நல்ல நாள் பார்க்க வேண்டும் என்றார்கள். சித்தி இன்னும் கோக்கவில்லை. கயிறு வெளுத்துவிட்டது, வாரம் ஒரு முறை மஞ்சள் தடவிக்கொள்கிறாள்.